தரை காட்டிக் கொடுத்துவிடும்

நான்கு வெள்ளைச் சுவர், கூரையில் ட்ராக் லைட், நடுவில் மூன்று காட்சிப் பீடங்கள், கீழே பாலிஷ் செய்த கான்கிரீட் தரை. கணினியில் ஓர் அறையை உருவாக்கச் சொன்னால் இதைவிட எளிய அறை வேறு இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். நாற்காலி இல்லை, திரைச்சீலை இல்லை, ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லை. அரை மணி நேரத்தில் வடிவம் முழுவதையும் கட்டி முடித்துவிடலாம். ஆனால் கட்டிடக் காட்சிகளை முப்பரிமாணத்தில் உருவாக்குகிறவர்களிடம் கேட்டால், அலங்காரம் நிறைந்த வரவேற்பறையை விட இந்த வெற்றறைதான் கடினம் என்பார்கள். வரவேற்பறையில் ஒரு தவறு நடந்தால் சோபாவும் செடியும் அதை மறைத்துவிடும். அருங்காட்சியகக் கூடத்தில் ஒளியையும் தரையையும் தவிர பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை.

இப்படிப்பட்ட படங்கள் நிறையத் தேவைப்படுகின்றன. கூடம் கட்டப்படும் முன்பே அது எப்படி இருக்கும் என்று கட்டிடக் கலைஞர் காட்ட வேண்டியிருக்கிறது. எந்தச் சிற்பத்தை எங்கே வைப்பது என்று கண்காட்சி அமைப்பவர் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் படம் புகைப்படம் போலத் தெரிந்தால்தான் முடிவெடுக்க உதவும்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் 4.2 மீட்டர். மென்பொருள், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர். அதிலுள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டரிங் இயந்திரம் ஒளிக்கதிர் சுவரிலும் தரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பும் பாதையைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்குமுறைக்கு 1986இல் ஜேம்ஸ் கஜியா என்ற கணினி அறிவியலாளர் அடித்தளம் போட்டார். கணக்கை இயந்திரம் சரியாகவே போடும். நாம் கொடுக்கும் எண்கள்தான் பொய் சொல்லும்.

முதல் பொய் சுவரில் வருகிறது. வெள்ளைச் சுவர்தானே என்று வண்ணத்தை முழு வெள்ளையாக, அதாவது 1.0 என்று வைத்துவிடுகிறோம். உண்மையில் நல்ல வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதியைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் மூடிய அறைக்குள் ஒளி திரும்பத் திரும்ப எதிரொளிக்கிறது. எல்லாப் பக்கமும் 0.8 என்றால், விளக்கு தரும் ஒளி கூடிக்கூடிச் சுமார் 5 மடங்கில் நின்றுவிடும். 0.95 என்று வைத்தால் அது 20 மடங்கு வரை போகும். தரை அடர்ந்த நிறமாக இருப்பதால் நம் அறையில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு இதுதான். நிழல்களுக்குள் ஒளி புகுந்து நிரப்பிவிடும். அறை பனிமூட்டத்துக்குள் இருப்பது போலாகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு சுவர்கள் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு சுவருக்கும் மற்றொன்றுக்கும் இடையே வெளிச்ச வேறுபாடே இல்லாமல் கோடு மறைந்துபோனால், சுவர் தேவைக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது. 0.8க்கு இறக்கினால் மூலை திரும்பி வந்துவிடும்.

அடுத்தது விளக்கு. சுவரில் மாட்டிய ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். கூரையிலிருந்து அதற்கு 2.7 மீட்டர் இறக்கம். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 பாகை சாய்வில் ஒளி விழ வேண்டும் என்பது அருங்காட்சியக விளக்கமைப்பில் வழக்கம். அந்தக் கணக்கின்படி ட்ராக் சுவரிலிருந்து ஏறத்தாழ 1.55 மீட்டர் தள்ளி ஓட வேண்டும். இன்னும் நெருங்கினால் சட்டத்தின் நிழல் ஓவியத்தின் மேல் நீளமாக விழும். இன்னும் விலகினால் பார்க்க வருகிறவரின் நிழலே ஓவியத்தை மறைக்கும். இதையெல்லாம் யோசிக்காமல் ட்ராக்கை அறையின் நடுவில் ஓட்டிய படங்களைப் பார்த்ததும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடுகிறது.

ஒளியின் வடிவமும் முக்கியம். உண்மையான ஸ்பாட் லைட் சுவரில் வெறும் வட்டத்தைப் போடாது. நடுவில் செறிவாகவும் ஓரத்தில் மெல்ல மங்கியும், மேல்பக்கம் வளைவாகவும் ஒரு தடம் விழும். பல விளக்கு நிறுவனங்கள் தங்கள் விளக்கின் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்று அளந்து, .ies என்று முடியும் கோப்பாக இலவசமாகத் தருகின்றன. அதை விளக்கில் பொருத்தினால் அந்தத் தடம் தானாக வரும். விளக்கின் ஆரத்தைப் பூஜ்யமாக விடக் கூடாது. 3 அல்லது 4 சென்டிமீட்டர் கொடுத்தால்தான் நிழலின் விளிம்பு மெதுவாகக் கரையும். பீடத்தைச் சுற்றி நான்கு விளக்கு என்றால் நான்கு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அது குறையல்ல, உண்மையான கூடத்திலும் அப்படித்தான் இருக்கும். அழகுக்காக மூன்றை அணைத்துவிடாதீர்கள்.

இனி தரை. படம் நம்பப்படுவதும் நம்பப்படாததும் இங்கேதான் முடிவாகிறது.

தேங்கிய நீரின் ஓரத்தில் நின்றால் காலடியில் அடிமண் தெரியும், தூரத்தில் வானம் தெரியும். பாலிஷ் செய்த தரையும் அதே விதிப்படி நடக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் மேற்பரப்பு 4 விழுக்காடு ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது, மீதியெல்லாம் கான்கிரீட்டின் சொந்தச் சாம்பல் நிறம். 1.55 மீட்டர் உயரத்தில் நம் கண் இருந்தால், 2.7 மீட்டர் தூரத்துத் தரையில் இது சுமார் 9 விழுக்காடாகிறது. 6 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ கால்பங்கு. அதற்கப்பால் வேகமாக ஏறுகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் கண்ட இந்த உறவை பிளெண்டர் தானே கவனித்துக்கொள்ளும். பளபளப்பு போதவில்லை என்று உலோகத்தன்மையைக் கூட்டுகிறவர்கள் இதைக் கெடுத்துவிடுகிறார்கள். காலடியிலேயே கண்ணாடி போல மின்னும் தரை கான்கிரீட் அல்ல.

எவ்வளவு பளபளப்பு என்பதை Roughness என்ற எண் சொல்கிறது. 0 என்றால் கண்ணாடி, 1 என்றால் சுண்ணாம்புக் கட்டி. பாலிஷ் கான்கிரீட்டுக்கு 0.25 என்று போட்டுவிட்டு நகர்வதுதான் பெரும்பாலோர் செய்வது. எண்ணில் பிழையில்லை, தரை முழுவதும் ஒரே எண்ணாக இருப்பதுதான் பிழை. அப்படிப்பட்ட தரை பிளாஸ்டிக் விரிப்பாகத் தெரியும்.

தரை எப்படி உருவாகிறது என்று நினைத்துப் பார்த்தால் என்ன செய்வதென்று புரியும். வார்த்த தளம் இறுகிய பிறகு, வைரத் துகள் பதித்த வட்டுகளால் முதலில் கரடாகவும் பிறகு படிப்படியாக மென்மையாகவும் தேய்க்கிறார்கள். நடுவே சிலிக்கேட் கரைசலை ஊற்றிப் பரப்பைக் கெட்டிப்படுத்துகிறார்கள். கலவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறைவதில்லை. அதனால் சில திட்டுகள் கூடுதலாக மின்னும், சில மங்கலாக இருக்கும். பெரிய இயந்திரம் சுவரின் ஓரம்வரை போக முடியாது. ஓரத்தைக் கைக்கருவியால் தேய்ப்பதால் அங்கே ஒரு பட்டை சற்று வேறு மினுக்கத்தோடு நின்றுவிடும். நடமாட்டம் மிகுந்த வழியில் நுண்ணிய கீறல்கள் சேரும்.

ஆகவே Roughness இடத்துக்கு ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு சாம்பல் படம் வேண்டும். ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத் திட்டுகள் ஓர் அடுக்கு, கீறல்களும் துடைத்த தடங்களும் இன்னோர் அடுக்கு. இரண்டையும் சேர்த்து மதிப்பு 0.18க்கும் 0.38க்கும் இடையில் ஊசலாடட்டும். சுவரோரப் பட்டையில் 0.05 கூட்டுங்கள். அந்தப் படத்தின் வண்ண அமைப்பை மறக்காமல் Non-Color என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அதை வண்ணப் புகைப்படமாக எண்ணி மதிப்புகளைத் திருத்திவிடும், தரை எதிர்பார்த்ததை விட மிகவும் பளபளப்பாகிவிடும். புதியவர்கள் நாள்கணக்கில் தேடும் பிழைகளில் இது ஒன்று.

வண்ணத்தில் கை வைக்கும் ஆசையை அடக்குவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் கான்கிரீட் புகைப்படங்களில் கறைகளும் வெடிப்புகளும் அதிகம். அதை ஒட்டினால் கைவிடப்பட்ட கிடங்கு கிடைக்கும். அருங்காட்சியகத் தரையில் நிறம் கிட்டத்தட்ட அமைதியாகவே இருக்கும், 0.25 முதல் 0.3 வரை சாம்பல், லேசான மேகம். மாற்றம் தெரிவது மினுக்கத்தில்தான். தளம் துல்லியமான சமதளமும் அல்ல. சில மீட்டர் நீளத்தில் ஓரிரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் கொடுத்தால் பீடத்தின் நேர்விளிம்பு தரையில் பிரதிபலிக்கும்போது மெல்ல நெளியும். கான்கிரீட் சுருங்கி வெடிக்காமலிருக்க அறுத்துவிடும் இணைப்புக் கோடுகளும் வேண்டும். நம் 12 மீட்டர் அறையில் 4 மீட்டருக்கு ஒன்றாக அவை ஓடட்டும், தூண் அல்லது வாசலின் கோட்டோடு பொருந்தி.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை போதும். பீடத்தின் அடியைப் பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் அதன் பிரதிபலிப்பு கூர்மையாகவும், பீடத்தின் மேற்பகுதிக்குப் போகப் போகப் பிரதிபலிப்பு மங்கிக் கலைந்தும் இருக்க வேண்டும். விளக்கின் பிரதிபலிப்பு புள்ளியாக நிற்காமல் நம்மை நோக்கி நீண்ட கோடாக இழுபட வேண்டும். முழு நீளத்துக்கும் ஒரே கூர்மை என்றால் தரை கண்ணாடியாகிவிட்டது என்று பொருள்.

பீடங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரம் 1 மீட்டர் அளவில், விளிம்புகளில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் மழுக்கல். உலகில் கத்தி போன்ற மூலை எந்தப் பெட்டிக்கும் இல்லை. அந்த மழுக்கலில்தான் விளக்கின் மெல்லிய கோடு விழுகிறது.

கடைசியில் பலர் நல்ல படத்தைக் கெடுப்பது ரெண்டரை அவசரப்படுத்துவதால். குறைந்த மாதிரிக் கதிர்களோடு நிறுத்திவிட்டு, மீதியுள்ள புள்ளிகளை நீக்க டீநாய்சரை ஓடவிடுகிறார்கள். அது கீறலுக்கும் இரைச்சலுக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டையும் துடைத்துவிடுகிறது. பாடுபட்டுச் செய்த தரை மெழுகாகிவிடும். தரையை 100 விழுக்காடு அளவில் பெரிதாக்கிப் பார்த்து, கீறல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று உறுதிசெய்த பிறகே படத்தை அனுப்புங்கள்.

இதைச் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளைத் திறக்கும் முன் பாலிஷ் செய்த கான்கிரீட் தரை ஒன்றைத் தேடிப் போங்கள். போனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, எதிரே உள்ள விளக்கை நோக்கி ஒரு படம் எடுங்கள். நின்றபடி காலடியை நோக்கி இன்னொன்று. இந்த இரண்டையும் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.