குளிர்ந்த டயரும் முதல் வளைவும்

தை மாத விடியற்காலை. உதகையில் வெப்பநிலை 5 டிகிரி. இரவெல்லாம் வெளியில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கிளப்பி ஒருவர் குன்னூர்ச் சாலையில் இறங்குகிறார். நேற்று மாலை எளிதாகத் திரும்பிய அதே வளைவில், அதே வேகத்தில், இன்று சக்கரம் வழுக்குகிறது. சாலையில் ஈரமோ பனியோ இல்லை. டயரும் தேயவில்லை. பின் ஏன் வழுக்கியது?

சாலையின் மேற்பரப்பில் நுண்ணிய கல்முனைகள் நிறைந்துள்ளன. வெதுவெதுப்பான ரப்பர் இம்முனைகளுக்கிடையே அமிழ்ந்து அவற்றைக் கவ்விக்கொள்கிறது. குளிரில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் எளிதில் அசைவதில்லை, ரப்பர் விறைத்துவிடுகிறது. அப்போது அது முனைகளின் உச்சியை மட்டுமே தொடுகிறது. ஆகவே பிடிப்புக் குறைகிறது.

இக்குறைவு எவ்வளவு ஆபத்தானது? ஒரு கணக்கைப் பார்ப்போம். வளைவின் ஆரம் 20 மீட்டர் என்க. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்ப, டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் குறைந்தது 0.63 தேவை. மாலையில் அது 0.8 ஆக இருந்தது என்று கொண்டால், வண்டி பத்திரமாகத் திரும்பியிருக்கும். காலையில் 0.6 ஆகக் குறைந்திருந்தால் வழுக்கியே தீரும். வேகத்தை 30 கி.மீ. ஆக்கினால் தேவை 0.35 ஆகிவிடுகிறது. வேகத்தில் கால் பங்கைக் குறைத்தால், தேவையான பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகிறது!

டயர் எவ்வாறு சூடேறுகிறது? உருளும்போது அதன் அடிப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. மீதி ரப்பருக்குள் வெப்பமாகிறது. ஸ்குவாஷ் ஆட்டக்காரர்கள் ரப்பர்ப் பந்தைச் சுவரில் பலமுறை அடித்துச் சூடாக்கிய பின்பே ஆடத் தொடங்குவதும் இதே முறைதான்.

ஆகவே குளிர்ந்த காலையில் முதல் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வரை பொறுமை தேவை. நேரான பகுதியில் மெதுவாக வேகமெடுத்து, மெதுவாகப் பிரேக் பிடிக்கலாம். அதனால் டயர் கூடுதலாக நசுங்கிச் சூடேறும். முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். வண்டியை இடமும் வலமுமாக நெளித்து ஓட்டுவது, இல்லாத பிடிப்பை நம்பிச் சாய்வதாகும். சூடாக்குவதற்காகக் காற்றைக் குறைப்பதும் தவறு.

டயரின் நடுப்பகுதி சூடேறினாலும் ஓரங்கள் குளிர்ந்திருக்கலாம். ஜெர்மனியின் சாக்சன்ரிங் பந்தயத் தடத்தில் பெரும்பாலானவை இடப்பக்க வளைவுகள். அவற்றைத் தொடர்ச்சியாகக் கடந்து பதினோராவது வளைவில் வலப்பக்கம் சாயும்போது, டயரின் வலது ஓரம் ஆறியிருப்பதால் தேர்ந்த வீரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். ஆதலால் சாய்வை வளைவுக்கு வளைவு சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

வண்டியை நிறுத்தி டயரைத் தொட்டுப் பாருங்கள். நடுவும் இரு ஓரங்களும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் டயர் தயார். வழியில் அரைமணி நேரம் தேநீருக்கு நின்றால் டயர் மீண்டும் ஆறிவிடும். கிளம்பியபின் வரும் முதல் வளைவை மறுபடியும் முதல் வளைவாகவே கருத வேண்டும்.