டீக்கடைக்கு எத்தனை லிட்டர் ஃபிரிட்ஜ்?

டீக்கடை தொடங்குகிறவர்கள் ஃபிரிட்ஜ் வாங்கும்போது முதலில் லிட்டரைத்தான் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கும் என்பது. வீட்டில் இருபது முப்பது தடவை திறக்கும் கதவு, டீக்கடையில் சர்வசாதாரணமாக நூற்றைம்பதைத் தொட்டுவிடும்.

மதுரைப் பக்கம் மேற்குப் பார்த்த ஒரு சாலையோரக் கடை என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 20 லிட்டர் பால். விடியற்காலை வண்டி வந்ததும் நாலு லிட்டர் நேராகப் பாய்லருக்குப் போய்விடும். மீதி 16 லிட்டர், அதாவது 32 அரை லிட்டர் பாக்கெட். நடுவே குளிர்காற்று போக இடம் விட்டு, தட்டில் பரப்பி அடுக்கினாலும் 40 லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். தயிர், எலுமிச்சை, நாலைந்து கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் சேர்த்தாலும் 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் தாராளம். ஆனாலும் சாயங்காலம் பால் திரிந்துபோகிறது. ஏன்?

12 டிகிரியில் வந்த 16 லிட்டர் பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் 140 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் குளிர்காற்று கனமானது என்பதால் கீழ்வழியாகக் கொட்டிவிடும். அந்த இடத்தில் 35 டிகிரி வெளிக்காற்று நுழையும். ஒவ்வொரு தடவையும் உள்ளே உள்ள காற்றில் பாதிதான் மாறுகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நூற்றைம்பது தடவைக்கு ஏறக்குறைய 230 வாட்-மணி ஆகிறது. பாலைக் குளிர்விப்பதைவிடக் கதவுக்குத்தான் கூடுதல் வேலை! அதில் பாதிக்கு மேல் காற்றின் ஈரத்தால் வருவது. பாய்லர் ஆவி பறக்கும் கடையில் இது இன்னும் கூடும். சில்லரில் பனிக்கட்டி சீக்கிரம் தடித்துப்போவதும் இதனால்தான். கால் அங்குலம் ஏறிவிட்டால் கரைத்துவிட வேண்டும். பனிக்கட்டி போர்வை போலக் குளிரை உள்ளேயே மூடிவைத்துக்கொள்ளும்.

நாள் முழுக்கப் பரவலாகத் திறந்தால் சமாளிக்கலாம். ஆனால் நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள்தான் கூட்டம். சின்ன ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் வெளியேற்றக்கூடிய வெப்பம் பொதுவாக நூறு, நூற்றைம்பது வாட் அளவில்தான். அந்த நேரத்தில்தான் மேற்கு வெயிலும் அதன் பக்கவாட்டில் அடிக்கும். இப்போது வரும் பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. கை வைத்தால் சுடும். அந்தத் தகட்டில் வெயில் விழுந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். பின்பக்கம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் வகுப்பு எழுத்தைப் பாருங்கள்: N என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரைக்கும், ST என்றால் 38 வரைக்கும், T என்றால் 43 வரைக்கும் தாங்கும். தகர ஷீட்டுக்குக் கீழே சித்திரை மதியம் என்றால் T தவிர வேறு வேண்டாம். நிழல் விழும் சுவர், பாய்லரிலிருந்து ஆறடி தள்ளிய இடம், பின்னாலும் பக்கத்திலும் ஒரு சாண் இடைவெளி. இந்த மூன்றும் இல்லாத மூலையில் 300 லிட்டர் ஃபிரிட்ஜை வைத்தாலும் பலன் குறைவுதான்.

ஆகவே பெரிய பெட்டி வாங்குவதற்கு முன் கதவைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். பாய்லர் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே இரண்டு உறைந்த தண்ணீர் பாட்டில். ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய பாலை மட்டும் அதில் எடுத்து வைத்துக்கொண்டால், பாலுக்காகக் கதவு திறப்பது மணிக்கு ஒரு தடவையாகிவிடும். கூல்டிரிங்ஸ் நிறைய விற்கிற கடையானால், அதற்குத் தனியாக மேல்மூடி திறக்கும் பெட்டி. மூடியைத் தூக்கினாலும் கனமான குளிர்காற்று உள்ளேயே தங்கும். ஒரே பெட்டியை ஃப்ரீசராகவும் கூலராகவும் மாற்றிக்கொள்ளும் மாடல்கள் கிடைக்கின்றன. பாட்டிலுக்குக் கூலர் நிலைதான்.

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கதவு அதிகம் திறக்காது, உள்ளே போகும் சூடுதான் பெரிது. 30 டிகிரி மாவு 20 கிலோவை ஒரேயடியாக வைத்தால், குளிர்விக்க ஐநூறு வாட்-மணி வேண்டும். அந்தச் சின்ன கம்ப்ரசருக்கு அது நாலைந்து மணி நேர வேலை. அதற்குள் நடுவிலிருக்கும் பாக்கெட்டில் புளிப்பு ஏறிக்கொண்டேபோகும், பாக்கெட் உப்பும். ஐந்து கிலோவாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி, இடைவெளி விட்டு வைப்பதே மேல்.

வாங்கிய பிறகு ஒரு சோதனை. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பாருங்கள். காலையில் 4, மாலையில் 6 என்றால் பரவாயில்லை. மாலையில் 9, 10 காட்டினால், கம்ப்ரசரும் நிற்காமல் ஓடினால், முதலில் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; லேசாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. அது சரியாக இருந்தும் தெர்மாமீட்டர் இறங்கவில்லை என்றால், இடத்தை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால்தான் இரண்டாவது பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.