தோட்டத்து வாசல் சாக்கடை மேல் சிலாப்: ஒரு மீட்டருக்கு எத்தனை கம்பி?

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையிலும், பக்கத்துக் கிராமச் சாலைகளிலும் தோட்டத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் சாலையோரச் சாக்கடையைத் தாண்டியாக வேண்டும். பல வாசல்களில் அதன் மேல் நான்கு அங்குல சிலாப் கற்கள் வரிசையாகக் கிடக்கும். சைக்கிளும் பைக்கும் போகிறவரை அதற்கு ஒன்றும் ஆகாது. எரு ஏற்றிய டிப்பரோ, காய்கறி ஏற்ற வரும் லாரியோ ஏறும் நாளில்தான் நடுவில் ஒரு கல் உடைந்து சக்கரம் உள்ளே இறங்குகிறது. சரக்கை இறக்கி, லாரியைத் தூக்கி, சாக்கடைச் சுவரையும் சரிசெய்வதற்குள் ஒரு நல்ல சிலாப் போடும் செலவு போய்விடுகிறது.

கொத்தனாரிடம் கேட்டால் "ஆறு அங்குலம் போட்டுடலாம், பத்து எம்.எம். கம்பி போதும்" என்பார். போதுமா என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலாப் முழுவதையும் ஒரே மூச்சில் கணக்கிட வேண்டாம். சாக்கடை ஓடும் திசையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று பார்ப்போம். அதே துண்டுதான் வாசல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

சாக்கடையின் உள் அகலம் 3 அடி, அதாவது 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலாப் இரண்டு பக்கச் சுவரிலும் ஆறு அங்குலம் உட்கார வேண்டும். எடை ஒரு சுவரின் நடுவில் இருந்து மறு சுவரின் நடுவுக்குத் தாவும் தூரம் 1.05 மீட்டர்.

அடுத்தது எடை. 2018-ல் மத்திய அரசு திருத்திய அளவின்படி, இரண்டு அச்சு லாரியின் பின் அச்சு 11.5 டன் வரை சுமக்கலாம். இரட்டை டயர் உள்ள ஒரு பக்கத்துக்கு 5.75 டன் வருகிறது. அந்த இரட்டை டயர் தரையில் படும் அகலம் சுமார் அரை மீட்டர். ஒரே துண்டாக வார்த்த சிலாப்பில், டயருக்கு இரண்டு பக்கமும் உள்ள கான்கிரீட்டும் சேர்ந்து எடையைத் தாங்கும். ஐ.எஸ். 456 விதிப்படி கணக்கிட்டால், நம் சிலாப்பின் நடுவில் சக்கரம் நிற்கும்போது சுமார் 1.15 மீட்டர் அகலம் சேர்ந்து வேலை செய்கிறது. 5.75-ஐ 1.15-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் துண்டுக்கு 5 டன்.

தனித்தனி சிலாப் கற்கள் ஏன் உடைகின்றன என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இரண்டு அடி அகலக் கல் மேல் சக்கரம் ஏறினால் பக்கத்துக் கல் துளியும் உதவாது. 5.75 டன்னும் 0.6 மீட்டர் கல் மேல் மட்டுமே இறங்கும். மீட்டருக்குப் பார்த்தால் 9.6 டன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒரே வார்ப்புக்கே திரும்புவோம். வண்டி குலுங்கி ஏறுவதற்குக் கால் பங்கு கூட்டினால் 5 டன் 6.25 டன் ஆகிறது. சிலாப்பை வளைக்கும் விசை, எடையோடு தாவும் தூரத்தின் கால் பங்கைப் பெருக்கினால் வரும். டயர் ஒரு புள்ளியில் நிற்காமல் பத்து அங்குலம் பரவி நிற்பதால் அதில் கொஞ்சம் குறையும். 6.25-ஐ 0.231-ஆல் பெருக்கினால் 1.44 டன்-மீட்டர். சிலாப்பின் சொந்த எடைக்கு 0.07 சேர்த்து, பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்காக்கினால் 2.27 டன்-மீட்டர்.

இதைத் தாங்குவது அடிக்கம்பி. எட்டு அங்குல சிலாப்பில், அடியில் இருக்கும் கம்பிக்கும் மேலே அழுத்தம் வாங்கும் கான்கிரீட்டுக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் நெம்புகோல் தூரம் கிடைக்கும். 2.27-ஐ 0.15-ஆல் வகுத்தால் சுமார் 15 டன் இழுவிசை. எஃப்.இ. 500 ரகப் பத்து எம்.எம். கம்பி ஒன்று, கணக்கில் 3.4 டன் தாங்கும். ஆக ஒரு மீட்டருக்குக் குறைந்தது ஐந்து கம்பி. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு கம்பி போடச் சொல்வேன். சக்கரம் சிலாப்பின் ஓரத்துக்கு நகரும்போது சேர்ந்து தாங்கும் அகலம் குறைந்துவிடும். அந்தக் கூடுதல் இரண்டு கம்பி அதற்குத்தான்.

இதோடு, நாம் ஆரம்பத்தில் பார்த்த நான்கு அங்குலக் கல்லை ஒப்பிடுங்கள். எட்டு எம்.எம். கம்பி எட்டு அங்குலத்துக்கு ஒன்று போட்டால் அது தாங்குவது சுமார் 0.7 டன்-மீட்டர். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அப்படியானால் கம்பியைக் கூட்டி ஆறு அங்குலத்தில் முடிக்கலாமே" என்று கேட்கலாம். வளைவைப் பொறுத்தவரை ஆறு அங்குலம் சமாளிக்கும். ஆனால் சக்கரம் சுவரை ஒட்டி ஏறும்போது சிலாப் வளைவதில்லை, சாய்வாக அறுபடப் பார்க்கிறது. அதைத் தாங்குவது கான்கிரீட்டின் கனம்தான், அடிக்கம்பியைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. ஏற்றிய லாரிக்கு ஆறு அங்குலம் இந்த இடத்தில் தோற்கிறது, எட்டு அங்குலம் நிற்கிறது. டிராக்டரும், சக்கரத்துக்கு இரண்டரை டன்னுக்கு மிகாத டிரெய்லரும் மட்டுமே வரும் வாசல் என்றால் அதே ஏழு கம்பியோடு ஆறு அங்குலம் போதும். ஆனால் போர்வெல் லாரி ஒருநாள் வராது என்று யாரால் சொல்ல முடியும்?

கட்டும்போது பெரும்பாலும் தவறுவது கம்பியின் திசையும் இடமும். பத்து எம்.எம். கம்பி சுவருக்குச் சுவர், சாக்கடைக்குக் குறுக்காகப் போக வேண்டும், அதுவும் அடியில். அதன் மேல் சாக்கடையின் நீளவாக்கில் எட்டு எம்.எம். கம்பியை எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டலாம். சாக்கடை நீளமாக இருக்கிறதே என்று பெரிய கம்பியை நீளவாக்கில் போட்டுவிட்டால் சிலாப்புக்கு உயிர் இல்லை. கம்பிக்கு அடியில் 30 எம்.எம். கவர் பிளாக் வையுங்கள். வீட்டுக் கழிவுநீரும் சேரும் சாக்கடை என்றால் 40 வைத்து, சிலாப் கனத்தையும் அரை அங்குலம் கூட்டுங்கள். கம்பியைத் தரையில் பரப்பிவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கையால் தூக்கிவிடும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

வாசல் 12 அடி என்றால் சிலாப்பை இரண்டு பக்கமும் ஓரடி கூட்டி 14 அடியாக வாருங்கள். சக்கரம் விளிம்பில் ஏறக்கூடாது. 14 அடி என்பது 4.2 மீட்டர். மீட்டருக்கு 0.24 கன மீட்டர் வீதம் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஆகும். 1:1½:3 கலவைக்கு சிமெண்ட் எட்டு மூட்டை, ஜல்லி 20 எம்.எம். கம்பி மீட்டருக்கு எட்டரை கிலோ வீதம் மொத்தம் 36 கிலோ. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய செங்கல் சுவர் மேல் நேராக வார்க்க வேண்டாம். தளர்ந்த வரிசையை எடுத்துவிட்டு நான்கு அங்குலக் கான்கிரீட் படுக்கை போட்டு அதன் மேல் வாருங்கள். முட்டுப் பலகையை ஏழு நாளைக்கு முன் பிரிக்காதீர்கள். 28 நாள் வரை லாரியை ஏற்ற வேண்டாம். அடியில் தண்ணீர் போகும் வழியைக் குழாய் போட்டுக் குறுக்கிவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் சாலைக்கோ உங்கள் தோட்டத்துக்கோ ஏறும். சாக்கடை உங்களுடையது அல்ல என்பதால், கிராமச் சாலை என்றால் ஊராட்சியிலும், நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறையிலும், ஊருக்குள் என்றால் மாநகராட்சியிலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே சிலாப் இருக்கிறவர்கள் செல்போனை விளக்கு எரியவிட்டு அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். நடுவில் சாக்கடையின் நீளவாக்கில் விரிசல் ஓடினால் அடிக்கம்பி பற்றவில்லை. வரிசையாகத் துருக்கறை தெரிந்தால் கவர் போதவில்லை, கம்பி அரிக்கத் தொடங்கிவிட்டது. பக்கவாட்டில் சுவருக்கு அருகே சாய்வான விரிசல் கண்டால் அன்றைக்கே பார வண்டியை நிறுத்திவிடுங்கள். அந்த வகை உடைப்பு முன்னெச்சரிக்கை அதிகம் கொடுக்காது.