மளிகைக்காரரிடம் ஆண்டுக் கணக்கைப் பேசுவது எப்படி?

காரங்காட்டிலும் சுற்றியுள்ள கடலோரக் கிராமங்களிலும் ஆதரவற்ற 40 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மளிகைப் பை கொடுத்து வருகிறோம். பொருள் தருபவர் ஒரே கடைக்காரர். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் கடைசியில், அடுத்த ஆண்டுக்கும் அவரிடமே வாங்குவதா என்று முடிவு செய்யும் முன் அவரோடு உட்கார்ந்து பேசுகிறோம். நிறையைச் சொல்ல வேண்டும், குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு அதை எப்படிச் செய்தோம் என்பதைப் பிற ஜமாஅத் சகோதரர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

பேச்சுக்கு அடிப்படை எங்கள் வரவு நோட்டு. பை வர வேண்டிய தேதி, வந்த தேதி, எண்ணிக்கை ஆகியவற்றை மாதந்தோறும் அதில் எழுதுகிறோம். 40 பைகளில் ஏதாவது மூன்றைப் பிரித்து எடை போட்டு, அதையும் குறிக்கிறோம். நோட்டு இல்லாமல் பேசினால் கடைசி மாதம் நடந்தது மட்டுமே நினைவில் நிற்கும்.

நோட்டைப் புரட்டியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நான்கு மாதம் பை தாமதமாக வந்திருந்தது. அக்டோபர் முதல் ஆறு மாதமாகத் துவரம்பருப்பு எடை குறைந்திருந்தது. அந்த ஆறு மாதத்தில் பிரித்துப் பார்த்த 18 பைகளில் 17-இல் பருப்பு 965 கிராம் அளவில்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதமும் சரியான எடை.

குறை எப்படி அமைந்திருக்கிறது என்பதே அதன் காரணத்தைச் சொல்லும். ஒரு பையில் 20 கிராம், இன்னொன்றில் 60 கிராம் என்று மாறி மாறிக் குறைந்தால் கட்டும் ஆளின் கவனக்குறைவு என்று நினைக்கலாம். எல்லாப் பையிலும் ஒரே அளவு குறைந்தால் எடை போடும் முறையில் ஏதோ இருக்கிறது. பருப்பைக் கொட்டிவிட்டுக் காலிப் பையை எடை போட்டோம். 35 கிராம். அக்டோபரில்தான் பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகத் துணிப்பைக்கு மாறச் சொன்னோம். பையோடு சேர்த்து ஒரு கிலோ போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரரைத் தனியாகச் சந்தித்தோம். பொருள் வழங்கும் இடத்திலோ பத்துப் பேர் முன்னிலையிலோ பேசினால் அவர் மானத்தைக் காக்கப் பார்ப்பாரே தவிர, குறையைக் காணமாட்டார். முதலில் நிறையைச் சொன்னோம். "எல்லாம் நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லவில்லை. "நவம்பர் மழையில ஒரு நாள் தாமதம்னாலும், தார்ப்பாய் போட்டு ஒரு பை கூட நனையாம கொண்டு வந்தீங்க அண்ணாச்சி. அதை விட்டுடாதீங்க" என்றோம். எது எங்களுக்கு முக்கியம் என்று தெரியாவிட்டால், செலவைக் குறைக்க நினைக்கும்போது அதையே முதலில் விட்டுவிடுவார்.

அடுத்து எங்கள் தவறைச் சொன்னோம். தாமதமான மற்ற மூன்று மாதத்தில் இரண்டில் பெயர்ப்பட்டியலை நாங்களே 28-ஆம் தேதிதான் அனுப்பியிருந்தோம். இனி 20-ஆம் தேதிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டோம். எஞ்சிய ஒரு மாதம் தகவலே சொல்லாமல் மறுநாள் வந்தார். அன்று காலையிலிருந்து பெண்கள் கூலி வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள் என்றதும் அவர் முகம் வாடியது. தாமதமாகும் என்றால் முந்தைய நாள் மாலைக்குள் போன் செய்ய வேண்டும் என்று முடிவானது.

பருப்பு விஷயத்தில் "எடையில் குறைக்கிறீர்கள்" என்று தொடங்கவில்லை. நோட்டையும் காலிப் பையையும் அவர் முன் வைத்து, "இது ஏன் இப்படி வருது?" என்று கேட்டோம். பையைத் தராசில் வைத்துப் பார்த்து அவரே சொன்னார்: "பசங்க பையோட போட்டிருக்காங்க." காலிப் பையைத் தராசில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிய பிறகே பருப்பைக் கொட்ட வேண்டும். திருத்தம் அவ்வளவுதான்.

35 கிராம் சிறிதாகத் தெரியும். 40 பை, ஆறு மாதம் என்று கணக்கிட்டால் 8 கிலோ 400 கிராம். இதைப் பில்லில் கழித்துக்கொள்வதாக அவர் சொன்னார். நாங்கள் ஏற்கவில்லை. குறைந்தது எங்கள் பணம் அல்ல, அந்தக் குடும்பங்களின் பருப்பு. ஏப்ரலில் வீட்டுக்கு 210 கிராம் கூடுதலாகப் போட்டுத் தந்தார்.

பேசியதை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்: தொடர வேண்டியது ஒன்று, திருத்த வேண்டியவை இரண்டு, நாங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அதற்கு மேல் அடுக்கினால் எதுவும் நினைவில் தங்காது.

இந்த முறை தெரியாமல் நடந்த தவறுக்குத்தான். சொல்லிக் காட்டிய பிறகும் எடை குறைந்தால் அது வேறு விஷயம். அளவையில் குறைப்போரை எச்சரித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயமே குர்ஆனில் உண்டு. அப்போது கடையை மாற்றிவிட்டு, எடையளவைப் புகார்களைக் கவனிக்கும் தொழிலாளர் துறைக்குச் சொல்ல வேண்டியதுதான். ஏப்ரலிலும் மே மாதத்திலும் மூன்று மூன்று பைகளைப் பிரித்துப் பார்த்தோம். பை நீங்கலாக, பருப்பு மட்டும் ஏப்ரலில் 1,210 கிராம், மே மாதத்தில் 1,000 கிராம். சரியாக இருந்தது. ஜூனிலும் பிரித்துப் பார்ப்போம்.