உவர்நீர் ஊரில் குளியலறை எர்த்

வானூர், மரக்காணம் பக்கத்து உப்பளக் கரையோரத்தில் ஜி.ஐ. பைப் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். துரு ஏறியதும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுகிறார்கள். பிளாஸ்டிக் ஆனபின் குழாயில் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை, தண்ணீர் உவராக இருக்கும் இடத்தில் ஆபத்தானது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை அங்குல பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிற்கும் தண்ணீரின் மின்தடை, நல்ல தண்ணீரானால் சுமார் ஒரு லட்சம் ஓம். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரானால் சுமார் பத்தாயிரம் ஓம்தான். கீசரின் ஹீட்டர் காயில் வெடித்து, எர்த் ஒயரும் அறுந்திருந்தால், 230 வோல்ட் அந்தத் தண்ணீர் வழியாகவே குழாய்முனைக்கு வரும். நல்ல தண்ணீரில் 2 மில்லிஆம்பியர், வெறும் சுருக்கென்ற உணர்வு. உவர்நீரில் 20-ஐத் தாண்டும். 10 மில்லிஆம்பியரை ஒட்டியே கை தசை இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போகலாம்.

ஆகவே முதல் வேலை கீசரின் எர்த். தொட்டி எர்த் ஆகியிருந்தால் கசிவு அங்கேயே இறங்கிவிடும். அடுத்தது இணைப்பு: கீசரின் எர்த் முனை, அதன் உலோகக் குழாய்கள், மண்ணிலிருந்து வரும் பழைய ஜி.ஐ. பைப் எல்லாவற்றையும் பச்சை செம்பு ஒயரால் ஒன்றோடொன்று கட்டுவது. ஒயர் வெளியே தெரிந்தால் 4 சதுர மி.மீ., வயரிங் பைப்புக்குள் போனால் 2.5 போதும். பழுது வந்தாலும் ஒரு கை கீசரிலும் மறு கை குழாயிலும் இருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் பெரிதாக இருக்காது. இதுதான் இதன் பயன். பிளாஸ்டிக் குழாயின் நுனியில் தனியாக நிற்கும் டேப்பைக் கட்ட வேண்டியதில்லை.

பிரிட்டனின் 2008 வயரிங் விதிகள், குளியலறை சர்க்யூட்டுகள் எல்லாவற்றிலும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. இருந்து, வீட்டின் பிரதான குழாய் இணைப்பும் சரியாக இருந்தால், இந்தத் தனி இணைப்பைத் தவிர்க்க அனுமதித்தன. நம் வீடுகளில் அந்தப் பிரதான இணைப்பையே பெரும்பாலும் காணமுடியாது என்பதால், அந்தச் சலுகையை இங்கே எடுத்துக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து. நாம் ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் ஆர்.சி.டி.யையும் போட வேண்டும், ஒயரையும் கட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு எர்த் அறுந்திருக்கும்போது குழாய்களை மட்டும் கட்டினால், ஒரு கீசரின் கசிவு எல்லாக் குழாய்க்கும் பரவும். நியூட்ரலைக் குழாயில் கட்டுவது அதைவிடக் கொடிது.

உப்புக் காற்றில் ஜி.ஐ. மேல் நேராகச் சுற்றிய செம்பு ஒயர் பச்சை பூத்துத் தளர்ந்துவிடும். ஈயம் பூசிய லக், துருப்பிடிக்காத கிளாம்ப், மேலே கிரீஸ் வேண்டும். மெயினை அணைத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஜி.ஐ. பைப்புக்கும் கீசர் எர்த்துக்கும் நடுவே அளந்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் எர்த் ஒயரைச் சோதிப்பதில்லை. மேலே சொன்ன அளவும் குழாய் இணைப்பைத்தான் சோதிக்கிறது, வீட்டு எர்த்தை அல்ல.