கரூர் வங்கியின் நான்கு மார்ச் மாதங்கள்

2020 நவம்பர் 17 மாலை, லட்சுமி விலாஸ் வங்கியின் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கிலிருந்து ரூ.25,000-க்கு மேல் எடுக்க முடியாது என்று மத்திய அரசு அறிவித்தது. 1926-ல் கரூரில் தொடங்கிய வங்கி அது. பல குடும்பங்களின் ஓய்வுக்காலப் பணமும் கல்யாணப் பணமும் அங்கே இருந்தன. பலருக்கு அது இடிபோன்ற செய்தி. ஆனால், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த வங்கியே வெளியிட்டுவந்த கணக்கைப் படித்தவர்களுக்கு அது எதிர்பார்த்த முடிவுதான்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு வங்கியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் நிதிநிலை முடிவுகளை வெளியிட வேண்டும். வங்கியின் இணையதளத்தில் முதலீட்டாளர்களுக்கான பகுதியில் அவை இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்தில் வருமானம், செலவு, லாபம் என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலோர் லாபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரிய தொகையை டெபாசிட் செய்யப்போகிறவருக்கு வேண்டியது அதற்குக் கீழே, விகிதங்கள் என்ற தலைப்பில் இருக்கிறது: மூலதனப் போதுமை விகிதம், மொத்த வாராக்கடன், நிகர வாராக்கடன்.

முதலில் வாராக்கடன். வட்டியோ தவணையோ 90 நாட்களுக்கு மேல் வராமல் நின்றுவிட்டால், அந்தக் கடன் வாராக்கடன் ஆகிறது. ஒரு வங்கி 100 கோடி கடன் கொடுத்து, அதில் 10 கோடி இப்படி நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்த வாராக்கடன் 10 சதவீதம். அந்த இழப்புக்காக வங்கி தன் லாபத்திலிருந்து ஏற்கெனவே 6 கோடியை ஒதுக்கிவைத்திருந்தால், இன்னும் ஈடுகட்டப்படாத தொகை 4 கோடி. மொத்தக் கடனிலிருந்தும் அந்த 6 கோடியைக் கழித்து, மீதி 94 கோடியில் இந்த 4 கோடி எவ்வளவு என்று பார்த்தால் 4.26 சதவீதம் வரும். அதுதான் நிகர வாராக்கடன். மொத்த விகிதம் வங்கி எவ்வளவு மோசமாகக் கடன் கொடுத்தது என்பதைக் காட்டும். நிகர விகிதம், இனிமேல் வரக்கூடிய அடி எவ்வளவு என்பதைக் காட்டும்.

அந்த அடியைத் தாங்குவது மூலதனம். பங்குதாரர்கள் போட்ட பணமும் சேர்த்துவைத்த லாபமும்தான் அதன் மையம். அதற்கு மேல் நீண்டகாலக் கடன் பத்திரங்கள் வழியே திரட்டிய தொகையும் குறிப்பிட்ட அளவுக்குச் சேரும். வங்கி கொடுத்த கடன்களை ஆபத்துக்கு ஏற்ப எடைபோட்டு, அந்தத் தொகையில் மூலதனம் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். அரசுப் பத்திரத்துக்கு எடையே இல்லை. வீட்டுக் கடனுக்குக் குறைவு. அடமானம் இல்லாத கடனுக்கு அதிகம். வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்த குறைந்தபட்ச அளவு 9 சதவீதம். அதற்கு மேல் பாதுகாப்புக்காக 2.5 சதவீதமும் சேர்த்து 11.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது இந்த மூலதனம்தான். அது தீர்ந்த பிறகு அடுத்து நிற்பது டெபாசிட்தாரரின் பணம்.

இனி கரூர் வங்கியின் கணக்குக்கு வருவோம். 2017 மார்ச் முடிவில் அதன் மொத்த வாராக்கடன் 2.67 சதவீதம், மூலதனப் போதுமை 10.38 சதவீதம். ஆண்டு லாபம் சுமார் 256 கோடி ரூபாய். கவலைப்பட அதிகம் இல்லை.

ஒரே ஆண்டில் எல்லாம் மாறியது. 2018 மார்ச்சில் வாராக்கடன் 9.98 சதவீதமாக எகிறியது. லாபம் போய் சுமார் 585 கோடி நஷ்டம் வந்தது. மூலதனம் 9.81 சதவீதமாக இறங்கியிருந்தாலும் குறைந்தபட்சத்துக்கு மேலேதான் இருந்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தவர் தைரியமாகப் பணம் போட்டிருக்கலாம். ஆனால், ஓராண்டில் வாராக்கடன் கிட்டத்தட்ட நாலு மடங்கானதுதான் அந்த ஆண்டின் முக்கியச் செய்தி. 2019 மார்ச்சில் வாராக்கடன் 15.30 சதவீதம், மூலதனம் 7.72 சதவீதம், அதாவது விதித்த அளவுக்கும் கீழே. அந்த செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தன் சீர்திருத்தக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் வாராக்கடன் 25.39 சதவீதம், மூலதனம் 1.12 சதவீதம்.

டெபாசிட் வரியும் இதையே சொன்னது. 2018 மார்ச்சில் ஏறத்தாழ 33,300 கோடி, அடுத்த ஆண்டு 29,300 கோடி, அதற்கடுத்த ஆண்டு 21,400 கோடி. கணக்கைக் கவனித்தவர்கள் முன்கூட்டியே பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2020 செப்டம்பர் காலாண்டு முடிவில் இன்னொரு பாடம் இருக்கிறது. வாராக்கடன் விகிதம் 24.45 சதவீதமாகச் சற்றே குறைந்திருந்தது. அதே நாளில் மூலதனப் போதுமை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 2.85 சதவீதம். வசூலானால் மட்டும் வாராக்கடன் விகிதம் குறைவதில்லை. பழைய கடனைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தாலும் குறையும், புதுக்கடனை வேகமாகக் கொடுத்தாலும் குறையும். அதனால் ஆண்டறிக்கையின் பின்னிணைப்புக் குறிப்புகளில் வாராக்கடன் எப்படி மாறியது என்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, வசூலானது எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும்.

அதே குறிப்புகளில் இன்னொரு வரியும் உண்டு. வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கியின் ஆய்வில் தெரிந்ததற்கும் இடையிலான வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால், அதை வங்கி வெளிப்படுத்த வேண்டும். யெஸ் வங்கி 2016 மார்ச்சுக்குச் சொன்னது சுமார் 749 கோடி. ரிசர்வ் வங்கி கண்டது சுமார் 4,926 கோடி. இந்த வேறுபாடு வெளியானது 2017-ல். யெஸ் வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது 2020 மார்ச்சில்.

கணக்கே பொய்யானால் இந்த வாசிப்பு உதவாது. பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2019 மார்ச்சுக்குக் காட்டிய வாராக்கடன் 3.76 சதவீதம், மூலதனம் 12.62 சதவீதம். ஆறு மாதத்தில் அந்த வங்கி முடங்கியது. அதன் கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரே கட்டுமான நிறுவனக் குழுமத்துக்குப் போயிருந்ததும், அதை மறைக்க ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டதும் பிறகே தெரியவந்தன. லட்சுமி விலாஸ் பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டதால் அதன் டெபாசிட்தாரர்கள் பணத்தை இழக்கவில்லை. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் அழிந்தது. மும்பைக் கூட்டுறவு வங்கியில் பெருந்தொகை வைத்திருந்தவர்களுக்கோ, 2022-ல் வந்த இணைப்புத் திட்டப்படி, பணம் திரும்பி முடிய 10 ஆண்டுகள் வரை ஆகும்.

ஆகவே கணக்கைப் படித்துத் தேறிய வங்கியிலும் காப்பீட்டு வரம்பைக் கணக்கில் வைப்பது நல்லது. ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. அசலும் அதுவரை சேர்ந்த வட்டியும் இதற்குள் அடங்கும். ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் ஒருவர் பெயரில் இருப்பதெல்லாம் கூட்டப்படும். வெவ்வேறு வங்கிகளில் இருப்பது தனித்தனியாகக் கணக்கிடப்படும். 20 லட்சம் வைத்திருப்பவர் அதை ஐந்து வங்கிகளில் நாலு நாலு லட்சமாகப் பிரித்தால், வட்டி சேர்ந்து தொகை வளர்வதற்கும் வரம்புக்குள் இடம் இருக்கும்.