வேஸ்டேஜ் எங்கே ஒளிந்திருக்கிறது?

வீட்டு பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கடைக்காரரிடம் காட்டினால், நீளத்தை அகலத்தால் பெருக்கி, 5 சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்து, இத்தனை பெட்டி என்று சொல்லிவிடுவார். பல வீடுகளில் இந்தக் கணக்கு ஒத்துவரும். ஒத்துவராத வீட்டில், வேலை நடுவில் நின்றுபோகும். எதனால் என்று பார்க்க ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். பிளானில் 16'0" x 11'6" என்று போட்டிருக்கிறது.

முதலில் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். 11'6" என்பது பதினொன்றரை அடி, கால்குலேட்டரில் 11.5 என்று போட வேண்டும், 11.6 என்று அல்ல. 11'10" என்று இருந்தால் தவறு இன்னும் பெரிதாகும். அது 11.83 அடி; 11.10 என்று தட்டினால் முக்கால் அடி காணாமல் போய்விடும். அங்குலத்தை 12ஆல் வகுத்து அடியோடு கூட்டுவதுதான் முறை.

படம் மங்கலாக இருந்து, 11'6" தானா, 11'0" தானா என்ற சந்தேகம் வந்தால், போன் திரையின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். ஹாலின் நீளம் திரையில் 8 செ.மீ. வரும்படி பெரிதாக்குங்கள். அகலம் 5.75 செ.மீ. வந்தால் 11'6", 5.5 வந்தால் 11'0". ஓரிரு அங்குல வித்தியாசத்தை இப்படிப் பிடிக்க முடியாது. பிளானில் இருப்பது பெரும்பாலும் பூச்சுக்கு முந்தைய அளவு. இரு பக்கமும் பூசினால் ஓர் அங்குலம் வரை குறையும். ஆகவே பிளானை வைத்துச் செலவை மதிப்பிடலாம். ஆர்டர் கொடுக்கும் முன் டேப்பால் அளந்தே ஆக வேண்டும். நம் ஹாலில் டேப்பும் 16 அடி, பதினொன்றரை அடி என்றே காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

பரப்பு 184 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல் என்று நாம் சொல்வது உண்மையில் 600 மி.மீ. டைல், அதாவது 23.6 அங்குலம். பெட்டிக்கு 4 டைல், 15.5 சதுர அடி. கடைக்காரரின் 5 சதவீதத்தைச் சேர்த்தால் 193.2 சதுர அடி. 13 பெட்டி, 52 டைல்.

இப்போது மேஸ்திரியின் கண்ணால் பாருங்கள். 2 மி.மீ. இடைவெளியோடு ஒரு டைல் 23.7 அங்குலத்தைப் பிடிக்கும். 192 அங்குல நீளத்தில் 8 முழு டைல் போனபின் மீதி 2.4 அங்குலம். சுவரோரம் அவ்வளவு மெல்லிய துண்டை ஒட்டினால் வெட்டும்போதே உடையும், பார்க்கவும் நன்றாக இராது. நல்ல மேஸ்திரி 7 முழு டைலை நடுவில் வைத்து, இரு ஓரத்திலும் 13 அங்குலத் துண்டு வருமாறு நகர்த்துவார். ஒரு டைலில் 13 அங்குலத் துண்டு இரண்டு எடுக்க முடியாது. ஆக வரிசைக்கு 9 டைல். அகலத்தில் 5 முழு வரிசையும் 19.5 அங்குலத்தில் வெட்டிய ஒரு வரிசையும் வரும். ஆறு ஒன்பது, 54 டைல். கடைக்காரர் கணக்கில் இரண்டு குறைகிறது, அதுவும் ஒன்றுகூட உடையாமல் இருந்தால்!

அறையின் நீளம் 15'9" ஆக இருந்திருந்தால் வரிசைக்கு 8 டைலே போதும், மொத்தம் 48. மூன்று அங்குலம் ஆறு டைலைத் தீர்மானிக்கிறது. வேஸ்டேஜ் அறையின் பரப்பைப் பொறுத்ததல்ல, கடைசியில் மிஞ்சும் அங்குலத்தைப் பொறுத்தது.

அதற்காக 54 டைல் போடுவதை வீண்செலவு என்று எண்ண வேண்டாம். வெட்டி மிஞ்சியதை எறியக் கூடாது. சுவரைச் சுற்றி 4 அங்குல ஸ்கர்ட்டிங் வேண்டும். சுற்றளவு 55 அடி; இரண்டு கதவுக்கு ஆறரை அடி கழித்தால் 48.5 அடி. அதற்கு 25 பட்டை தேவை. ஓரத்து டைல்களில் மிஞ்சும் பத்தரை அங்குலத் துண்டுகள் பத்தில், ஒன்றுக்கு இரண்டாக 20 பட்டை கிடைக்கும். வெட்டிய வரிசையில் மிஞ்சும் 4 அங்குலத் துண்டுகள் ஏழு. மொத்தம் 27. ஸ்கர்ட்டிங்குக்குப் புதிதாக ஒரு டைல்கூட வேண்டாம். சிக்கனம் என்று அந்த மெல்லிய துண்டை ஒட்டி 48 டைலில் முடித்தாலோ, துண்டுகள் அதற்கே செலவாகி, ஸ்கர்ட்டிங்குக்கு 5 டைல் தனியே வாங்க வேண்டியிருக்கும், கூட்டினால் 53. ஒரே ஒரு டைல்தான் மிச்சம். ஆகவே தரையையும் ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

54 டைலுக்கு 14 பெட்டி. இரண்டு டைல் மிஞ்சும். நான் 15 பெட்டி வாங்கச் சொல்வேன். வரும் வழியில் ஒன்றிரண்டு மூலை உடைவது சாதாரணம். பிறகு போய்க் கேட்டால் அதே டிசைன் கிடைக்கலாம், அதே பேட்ச் கிடைப்பது அரிது. நிறத்தில் சின்ன வேறுபாடு தரையில் பளிச்சென்று தெரியும். பெட்டிகள் வந்து இறங்கியதும் பிரிப்பதற்கு முன்பே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.